ஒரே ஒருவர் மனம் மாறியிருந்தால்

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை உலகெங்கும் சொல்லப்படுகிறது. உள்ளே அழைப்பதற்கு முன், யாரும் பார்க்காத இடமாகப் போய், இரண்டு நிமிடம் கால்களை அகட்டி, இடுப்பில் கைகளை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி நில்லுங்கள். உடம்பின் ஹார்மோன்களே மாறிவிடும், பயம் போய்த் துணிச்சல் வந்துவிடும் என்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ‘பவர் போஸ்’ என்று பெயர். 2012இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் சமூக உளவியலாளர் ஏமி கடி ஆற்றிய டெட் உரை வழியாக இது கோடிக்கணக்கானவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அந்த உரைக்குப் பின்னால் நின்றது 2010இல் ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ இதழில் வெளியான ஒரு சிறு கட்டுரை. டேனா கார்னி, ஏமி கடி, ஆண்டி யாப் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதியது.

அந்தக் கட்டுரையை நான் இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. கடந்த பதினைந்து ஆண்டுகளாக உளவியல் துறையை உலுக்கிவரும் கேள்வி, பெயர்பெற்ற ஆய்வுகளைத் திரும்பச் செய்தால் அதே முடிவு ஏன் வருவதில்லை என்பது. 2015இல் பிரையன் நோசெக் தலைமையில் நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் சேர்ந்து, தேர்ந்த இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள். மூல ஆய்வுகளில் 97 வெற்றி கண்டவை. மறுசோதனையில் தேறியவை மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். இந்தப் பெரிய எண்ணிக்கைகளை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் ஒரு தனி ஆய்வுக்குள் தவறு எப்படி நுழைகிறது என்பதை அவை காட்டுவதில்லை. பவர் போஸ் ஆய்வில் அதை எண்ணிப் பார்க்கலாம், ஏனென்றால் அதை நடத்தியவர்களில் ஒருவரே உள்ளே என்ன நடந்தது என்று பின்னாளில் வெளிப்படையாக எழுதினார்.

முதலில் ஆய்வு நடந்த விதம். பங்கேற்றவர்கள் 42 பேர்: 26 பெண்கள், 16 ஆண்கள். இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் மின்முனைகளை உடலில் எங்கே ஒட்டினால் என்ன ஆகும் என்று பார்க்கிறோம் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம். ஒரு பாதிப் பேரை அதிகாரத் தோரணையில் இருக்கச் செய்தார்கள். நாற்காலியில் சாய்ந்து, மேசைமேல் கால் போட்டு, பின்தலையில் கைகோத்து ஒரு நிமிடம். மேசைமேல் இரு கைகளையும் ஊன்றி முன்னால் சாய்ந்து நின்று இன்னொரு நிமிடம். மறுபாதிப் பேர் கைகால்களை ஒடுக்கிக்கொண்டு அதே இரண்டு நிமிடத்தைக் கழித்தார்கள். (இடுப்பில் கை வைக்கும் புகழ்பெற்ற தோரணை இந்த ஆய்வில் இல்லவே இல்லை.) தோரணைக்கு முன்னும் பின்னும் உமிழ்நீர் எடுத்து டெஸ்டோஸ்டிரோன், கார்டிசால் இரண்டையும் அளந்தார்கள். எவ்வளவு அதிகாரம் உள்ளவராக உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். கடைசியாக ஒரு சின்னச் சூதாட்டம். கையில் 2 டாலர். அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்; அல்லது பகடை உருட்டலாம். வென்றால் 4 டாலர், தோற்றால் ஒன்றுமில்லை. வாய்ப்பு சரிபாதி.

முடிவு பளிச்சென்று இருந்தது. அதிகாரத் தோரணையில் இருந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கூடியது, கார்டிசால் குறைந்தது. அவர்களில் 86 சதவீதத்தினர் பகடை உருட்டினார்கள். ஒடுங்கி இருந்தவர்களில் 60 சதவீதம் மட்டுமே.

86க்கு எதிராக 60 என்று படிக்கும்போது பெரிய இடைவெளியாகத் தெரிகிறது. சதவீதத்தை ஆட்களாக மாற்றுவோம். கட்டுரை தரும் துல்லியமான எண் 86.36. இரண்டு குழுக்களும் சேர்ந்து 42 பேர் என்றால் இந்த விகிதங்கள் பொருந்த ஒரே வழி, முதல் குழுவில் 22 பேரில் 19 பேர், இரண்டாவதில் 20 பேரில் 12 பேர். அதாவது காசைக் கையிலேயே வைத்துக்கொண்டவர்கள் அங்கே மூன்று பேர், இங்கே எட்டுப் பேர். உடல்நிலை மனத்தின் துணிச்சலை மாற்றும் என்ற கூற்றின் ஒரு தூண் முழுக்க இந்த மூன்றுக்கும் எட்டுக்கும் இடையில்தான் நிற்கிறது.

இது வெறும் தற்செயலா, இல்லையா என்று சொல்ல ஆய்வாளர்கள் பி-மதிப்பு என்ற ஒன்றைக் கணக்கிடுவார்கள். தோரணைக்கும் துணிச்சலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போதும், யார் எந்தக் குழுவில் விழுந்தார்கள் என்ற அதிர்ஷ்டத்தால் மட்டுமே, இவ்வளவு பெரிய வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ கிடைக்க வாய்ப்பு எவ்வளவு? அதுதான் பி-மதிப்பு. அது 0.05க்குக் கீழே, அதாவது இருபதில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தால் முடிவு ‘குறிப்பிடத்தக்கது’ என்று சொல்வது வழக்கம். இதழ்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட முடிவுகளையே வெளியிட்டுவந்தன. 0.05 என்ற அந்தக் கோட்டுக்கு இயற்கையில் எந்த ஆதாரமும் இல்லை. பழக்கத்தால் நிலைத்துவிட்ட கோடு அது.

இந்தச் சூதாட்டக் கணக்கை யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். இப்படிப்பட்ட எண்ணிக்கைகளுக்கு எல்லோரும் பயன்படுத்துவது பியர்சன் கை-வர்க்கச் சோதனை. அதில் பி-மதிப்பு 0.052 வருகிறது. கோட்டைத் தாண்டவில்லை. இன்னொரு சோதனை உண்டு, நிகழ்தகவு விகிதச் சோதனை என்று சொல்லலாம். அதில் 0.0495 வருகிறது. மயிரிழையில் கோட்டுக்குக் கீழே. கட்டுரையில் வெளியானது இரண்டாவது எண்.

இப்போது ஒரே ஒருவரை மாற்றுவோம். பகடை உருட்டிய அந்த 19 பேரில் ஒருவர் அன்றைக்குக் கொஞ்சம் தயங்கி, 2 டாலர் போதும் என்று வைத்துக்கொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். 18க்கு எதிராக 12. பியர்சன் சோதனையில் பி-மதிப்பு சட்டென்று 0.12க்குத் தாவிவிடும். முடிவு ‘குறிப்பிடத்தக்கது’ என்ற பட்டத்தை இழந்துவிடும். ஒரு மனிதரின் ஒரு நிமிட மனநிலையில் தொங்கும் கண்டுபிடிப்பு எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

சிறிய மாதிரியின் ஆபத்து என்றால், இருக்கும் விளைவு அதன் கண்ணில் படாமல் போகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மறுபாதிதான் விபரீதமானது. தோரணைக்கு உண்மையிலேயே ஒரு சிறு விளைவு இருப்பதாக வைத்துக்கொள்வோம்: பகடை உருட்டுபவர்கள் 60 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாகக் கூடுகிறார்கள். குழுவுக்கு இருபது பேர் வைத்துச் செய்யும் ஆய்வில், இடைவெளி சுமார் 26 புள்ளிகளை எட்டினால்தான் கோட்டைத் தொடவே முடியும். ஆகவே உண்மையான 10 புள்ளியைச் சரியாக அளந்த ஆய்வு ‘ஒன்றுமில்லை’ என்று மேசை அறைக்குள் போய்விடும். அதிர்ஷ்டம் தள்ளிவிட்டு 26, 30 என்று ஊதிப்போன ஆய்வுதான் இதழுக்குப் போகும். இந்த அளவு ஆய்வை நூறு முறை செய்தால் ஏறத்தாழ பத்து முறைதான் அப்படி ஊதும். அந்தப் பத்தை மட்டுமே நாம் படிக்கிறோம். அதாவது சிறிய ஆய்வில் கிடைத்து, அச்சேறிய வித்தியாசம் உண்மையைவிடப் பெரிதாக இருப்பது விபத்தல்ல. தேர்ந்தெடுக்கும் முறையே அதை அப்படி ஆக்கிவிடுகிறது. 10 புள்ளி வித்தியாசத்தை நம்பகமாகப் பிடிக்க வேண்டுமென்றால் குழுவுக்குச் சுமார் 350 பேர், மொத்தம் 700 பேர் தேவை. 42 எங்கே, 700 எங்கே!

அடுத்தது, கணக்குப் போடும்போது எடுக்கும் சிறு சிறு முடிவுகள். 2016 செப்டம்பரில் டேனா கார்னி தம் இணையப் பக்கத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டார். பவர் போஸ் விளைவுகள் உண்மை என்று தாம் இனி நம்பவில்லை என்றும், அதைப் பற்றி ஆராயவோ கற்பிக்கவோ போவதில்லை என்றும் எழுதினார். தம் பெயரைத் தாங்கிய, தமக்குப் புகழ் தந்த ஆய்வைப் பற்றி ஓர் ஆய்வாளர் இப்படி எழுதுவது அரிது. அவர்மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு. முடிவை மாற்றிக்கொண்டதோடு அவர் நிற்கவில்லை. எந்தெந்த இடத்தில் கை சறுக்கியது என்று வரிசையாக எழுதினார்.

ஆட்களை ஒரே மூச்சில் சேர்க்கவில்லை என்றார். ஏறத்தாழ 25 பேர், பிறகு 10, பிறகு 7, பிறகு 5 என்று தவணையாகச் சேர்த்து, நடுநடுவே முடிவு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டார்களாம். சொன்னபடி செய்யவில்லை என்பது போன்ற காரணங்களால் ஐந்து பேரை விலக்கினார்கள். 42 என்ற எண் அப்படி வந்தது. தம்மை எவ்வளவு அதிகாரம் உள்ளவராக உணர்கிறார்கள் என்பதைப் பல கேள்விகளாகக் கேட்டுவிட்டு, வேலை செய்த கேள்விகளை மட்டும் கட்டுரையில் சேர்த்தார்கள். சூதாட்டத்துக்குக் கிடைத்த இரண்டு பி-மதிப்புகளில் சிறியதைக் கொடுத்தார்கள். ஆய்வை நடத்தியவர்களுக்கு என்ன முடிவு எதிர்பார்க்கப்படுகிறது என்பதும் தெரிந்திருந்தது.

இதில் எதுவும் மோசடி இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். யாரும் எண்களைப் புனையவில்லை. அந்தக் காலத்தில் பல ஆய்வுக்கூடங்களில் நடந்த நடைமுறைதான். தவணையாக ஆள் சேர்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும் வழியாகவே தமக்குத் தோன்றியது என்கிறார் கார்னி. ஆனால் கணிதம் நம் எண்ணத்தைப் பார்ப்பதில்லை. எந்த விளைவும் இல்லாத இடத்தில் ஒரே ஒரு முறை, கடைசியில் மட்டும் பார்த்தால், ஏமாற வாய்ப்பு 100க்கு 5. சம இடைவெளியில் நான்கு முறை எட்டிப் பார்த்து, கோட்டைத் தாண்டிய இடத்தில் நிறுத்திவிடலாம் என்று வைத்துக்கொண்டால் அது 100க்கு 12 அல்லது 13 ஆகிவிடும். இது எட்டிப் பார்ப்பதற்கு மட்டும். மற்ற சலுகைகள் இன்னும் கணக்கில் வரவில்லை.

எல்லாச் சலுகைகளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2011இலேயே ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சோன் மூவரும் கணினியில் போட்டுக் காட்டியிருந்தார்கள். இரண்டு அளவைகளில் எது தேறுகிறதோ அதை எடுத்துக்கொள்வது, போதவில்லை என்றால் இன்னும் பத்துப் பேரைச் சேர்ப்பது, ஆண் பெண் வேறுபாட்டைக் கணக்கில் சேர்த்தோ சேர்க்காமலோ பார்ப்பது, மூன்று குழுக்களில் ஒன்றைத் தேவைப்பட்டால் கைவிடுவது ஆகிய நான்கு சலுகைகளும் ஒன்றுசேர்ந்தால், இல்லாத விளைவைக் ‘கண்டுபிடிக்கும்’ வாய்ப்பு 100க்கு 61. நாணயம் சுண்டுவதைவிட மோசம். சொல்வதோடு விடாமல் ஓர் ஆய்வையும் நடத்தினார்கள். இருபது மாணவர்களில் சிலரை பீட்டில்ஸ் குழுவின் ‘வென் ஐம் சிக்ஸ்டி-ஃபோர்’ பாட்டையும் மற்றவர்களை வேறோர் இசையையும் கேட்கச் செய்தார்கள். பீட்டில்ஸ் கேட்டவர்கள் வயதில் சுமார் ஒன்றரை வருடம் இளையவர்கள் ஆகிவிட்டதாக முடிவு வந்தது. இளமையாக ‘உணர்ந்தார்கள்’ என்பதல்ல, பிறந்த தேதிப்படியே இளையவர்கள்! நடக்கவே முடியாத இந்த முடிவு அன்றைய விதிகளை மீறாமலே பெறப்பட்டது. கேட்டுவைத்த பல விவரங்களில் அப்பாவின் வயதை மட்டும் கணக்கில் சேர்த்தால் கோட்டைத் தாண்டுகிறது. சேர்க்காவிட்டால் தாண்டவில்லை.

பவர் போஸை நேருக்கு நேர் சோதித்தது சூரிச் நகரம். 2015இல் ஈவா ரானஹில்லும் உடன் ஆய்வாளர்களும் 200 பேரை வைத்து அதைத் திரும்பச் செய்தார்கள். தோரணை இரண்டு நிமிடத்துக்குப் பதில் ஆறு நிமிடம். எதிர்பார்ப்பு தெரிந்தவரின் குரலோ முகமோ யாரையும் பாதிக்கக் கூடாது என்று அறிவுறுத்தல்களைக் கணினித் திரையில் கொடுத்தார்கள். ஹார்மோன்களில் மாற்றம் இல்லை. சூதாட்டத் துணிச்சலிலும் மாற்றம் இல்லை. ஒன்று மட்டும் தேறியது. அகன்ற தோரணையில் இருந்தவர்கள் தாம் அதிகாரம் உள்ளவராக உணர்வதாகச் சொன்னார்கள்.

நேரம் வேறு, சூழல் வேறு, ஆட்கள் வேறு என்று மூல ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள். ஒரு மறுசோதனை தோற்றால் அந்தப் பதிலை மதித்துக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பதிலுக்கும் ஒரு விலை இருக்கிறது. மூன்று மடங்கு நேரம் செய்தால் காணாமல் போகும் விளைவு, அறிவுறுத்தலைத் திரையில் கொடுத்தால் காணாமல் போகும் விளைவு, எந்த ஊர் எந்த அலுவலகத்தின் கழிப்பறையில் நின்று செய்தாலும் வேலை செய்யும் என்று உலகத்துக்கு வாக்களிக்க முடியாது. ஒன்று, விளைவு எங்கும் செல்லும் என்று சொல்ல வேண்டும். இல்லை, மிகக் குறுகிய நிலைமைகளில்தான் வரும் என்று சொல்ல வேண்டும். புகழ் தேடித்தந்தது முதல் வாக்கு. தோல்விக்குச் சமாதானம் சொன்னது இரண்டாவது.

அப்படியானால் நாளைக்குச் செய்தித்தாளில் இன்னொரு வியப்பான ஆய்வு வந்தால் அதை எந்த எடைக்கு எடுத்துக்கொள்வது? நான் முதலில் செய்வது சதவீதத்தை ஆட்களாக மாற்றுவது. ‘40 சதவீதம் அதிகம்’ என்றால் எத்தனை பேரில் எத்தனை பேர்? அதில் இரண்டு மூன்று பேர் வேறு மாதிரி நடந்திருந்தால் கதை மாறிவிடுமா? இதற்குப் புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை. பிறகு செயலையும் விளைவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இரண்டு நிமிட உட்காரும் விதம் நாளமில்லாச் சுரப்பிகளையும் பணத்தைப் பற்றிய முடிவையும் ஒருசேர மாற்றியது என்றால், காரணம் மிகச் சிறிது, பலன் மிகப் பெரிது. அப்படிப்பட்ட கூற்றுக்கு 42 பேர் போதாது. ஆணும் பெண்ணும் சராசரி உயரத்தில் வேறுபடுகிறார்கள் என்பதை 42 பேரை வைத்துக் காட்டிவிடலாம், ஏனென்றால் அந்த வித்தியாசம் அவ்வளவு பெரியது. ‘சிவப்பு’ என்ற சொல்லை நீல மையில் எழுதிவைத்து, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் வாய் தடுமாறும் ஸ்ட்ரூப் விளைவும் அந்த ரகம். பேருக்குச் சிலரை வைத்துச் செய்தாலும் திரும்பத் திரும்ப வரும். ஆகவே மாதிரி சிறியது என்பதற்காக மட்டும் ஓர் ஆய்வை ஒதுக்கக் கூடாது. எதைப் பிடிக்கப் பார்க்கிறது என்பதோடு சேர்த்துத்தான் அதன் அளவை எடைபோட வேண்டும்.

கட்டுரையே கைக்குக் கிடைத்தால், பி-மதிப்புகளை ஒரு முறை கண்ணோட்டம் விடுவது நல்லது. 0.04, 0.03, 0.048 என்று எல்லாமே கோட்டுக்கு அடியில் குவிந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். உண்மையான விளைவைச் சோதித்தால் 0.001 போன்ற எண்களும், இடையிடையே தேறாத எண்களும் கலந்து வர வேண்டும். எத்தனை பேரைச் சேர்ப்போம், எதை அளப்போம், யாரை விலக்குவோம் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே பொதுவில் பதிவுசெய்தார்களா என்றும் பார்க்கலாம். இப்போது பல இதழ்களில் இன்னொரு முறை வந்திருக்கிறது. ஆய்வுத் திட்டத்தைத் தரவு சேர்க்கும் முன்பே இதழ் மதிப்பிட்டு, முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுகிறோம் என்று ஏற்றுக்கொள்கிறது. 2021இல் வெளியான ஓர் ஒப்பீடு இப்படிப்பட்ட உளவியல் ஆய்வுகளையும் வழக்கமான ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. வழக்கமான கட்டுரைகளில் முதல் கருதுகோள் வென்றது 96 சதவீதத்தில். முன்கூட்டியே ஏற்கப்பட்டவற்றில் 44 சதவீதத்தில். என் பார்வையில், 44தான் நேர்மையாக உழைக்கும் ஒரு துறையின் எண்ணாகத் தெரிகிறது.

எல்லாவற்றையும்விடக் கனமான சான்று, மூல ஆய்வோடு தொடர்பில்லாத வேறு கைகள் பெரிய மாதிரியில் செய்த மறுசோதனை. அது வரும்வரை ஒரு வியப்பான ஆய்வை, கேட்டுவைத்துக்கொள்ளத் தக்க ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதை நம்பிப் பள்ளியில் பாடத்திட்டம் மாற்றுவதும், ஊழியர் பயிற்சிக்குப் பணம் ஒதுக்குவதும், தேர்வில் தோற்ற பிள்ளையிடம் ‘நீ சரியாக நிற்கவில்லை’ என்று சொல்வதும் அநியாயம்.

பவர் போஸ் கதை 2015இல் முடிந்துவிடவில்லை. கார்னி விலகிய பிறகும் ஏமி கடி தம் நிலையில் உறுதியாக இருந்தார். 2018இல் வேறு இரண்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து 55 ஆய்வுகளைத் தொகுத்து, அதிகாரம் உள்ளவராக உணர்வதிலாவது விளைவு இருக்கிறது என்று வாதிட்டார். அந்த உணர்வு மட்டத்து விளைவு சூரிச்சிலும் தென்பட்டதுதான். 2022இல் வெளியான இன்னும் பெரிய தொகுப்பாய்வும் அதையே சொன்னது. ஹார்மோன்களில் எதுவும் காணப்படவில்லை. ஆக மிஞ்சியிருப்பது ஒரு கேள்வித்தாளில் ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வது. அதில் இரண்டு முடிச்சுகள் இன்னும் அவிழவில்லை. மேசைமேல் கால் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு அதிகாரம் உள்ளவராக உணர்கிறீர்களா என்று கேட்டால், எந்தப் பதில் எதிர்பார்க்கப்படுகிறது என்பது யாருக்கும் புரியும். இரண்டாவது, பெரும்பாலான ஆய்வுகள் அகன்ற தோரணையை ஒடுங்கிய தோரணையோடுதான் ஒப்பிட்டன. சாதாரணமாக உட்கார்ந்திருந்த மூன்றாவது குழு அவற்றில் இல்லை. அந்தக் குழு இல்லாமல், நிமிர்வது மனத்தைத் தூக்குகிறதா, கூனிக் குறுகுவது மனத்தைத் தாழ்த்துகிறதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.